வாசல் சீட்டு

பல் டாக்டரம்மாவின் கணவர் மைப்பெட்டியைத் திறந்து பெரியக்கா பக்கம் நகர்த்தினார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் கிடந்தது. அதன் அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"இங்க வைம்மா. இடது கட்டைவிரல்."

பெரியக்கா மைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஆறு வருடம் அந்த வீட்டில் மருந்துப் புட்டியில் ஒட்டியிருப்பதைப் படித்துப் பிள்ளைகளுக்கு அளந்து ஊற்றியவள். சின்னவனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சம்பளம் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். வாங்கினால் ஆதாரம் தங்கிவிடுமே!

"படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்று தாளை எடுத்தாள்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா, வழக்கமா எழுதறதுதான்..."

"வழக்கமா எழுதறதையும் படிக்கலாம் சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கத்துக்காரி களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளும் வீட்டு வேலைக்காரிதான். மூன்று வீடு பார்க்கிறாள். மூன்றாவது வீட்டில் நாலு மணிக்குப் பாத்திரம் காத்திருக்கிறது. இடையில் கிடைத்த நேரத்தில்தான் வீட்டுவேலை செய்கிறவர்களின் சங்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

தொழிலாளர் அலுவலகத்தின் மூன்றாவது மாடி அது. கட்டுக் கட்டாகக் கோப்புகள், கால் ஆடும் மேசை, தண்ணீர் வராத தண்ணீர் எந்திரம். மேசைக்கு அந்தப் பக்கம் சமரச அதிகாரி. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது அவர் வேலை. தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை. பேச்சு முறிந்தால் வழக்கு மேலே, தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும்.

பெரியக்கா தாளை உரக்கவே படித்தாள். "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில், முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முழு ஓய்வு பெற்றுக்கொண்டேன். எனக்கு வரவேண்டியது ஏதும் இல்லை."

படித்து முடித்துத் தாளை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"மூணு வரி. மூணும் பொய். இதை டைப் அடிச்ச பிள்ளைக்கு விரல் சுட்டிருக்காதா?"

அந்தக் குடும்பம் சாதாரணக் குடும்பமில்லை. கணவர் அந்தப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். டாக்டரம்மா பல் பிடுங்கினால் வலிக்கவே வலிக்காது என்று பேர் எடுத்தவர். வலிக்காமல் பிடுங்கும் வித்தையை வீட்டிலும் வைத்திருந்தார். "நீ எங்க வீட்டுல ஒருத்தி" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலையில் நாலு பேரும் குளித்துக் கிளம்புவார்கள். நீச்சல், சாப்பாடு, சினிமா, சொந்தக்காரர் வீடு. "ஏம்மா, இன்னைக்கு உனக்கு ரெஸ்ட். சமைக்க வேண்டாம்," என்பார் டாக்டரம்மா. செருப்பு மாட்டிக்கொண்டே அடுத்த வார்த்தையும் வரும். "நாயைத் தனியா விட்டா கத்தும். பக்கத்து வீட்டுக்காரங்க புகார் சொல்வாங்க. எங்கேயும் போயிடாதே." பெரியக்கா தன் அறையில் உட்கார்ந்திருப்பாள். சலவை எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில், அதுதான் அறை. பகலில் இரண்டு முறை நாயை இறக்கி நடக்க விட வேண்டும். கூரியர் வந்தால் வாங்க வேண்டும். தண்ணீர்க்காரன் வந்தால் திறக்க வேண்டும். நாய்க்கு ஞாயிறு உண்டு, அவளுக்குத்தான் இல்லை.

மகளுக்குப் பிள்ளை பிறந்தது. நாற்பது நிமிட பஸ் தூரம். மூன்று மாதத்தில் இரண்டே தடவை, அதுவும் காய் வாங்கப் போகும் சாக்கில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கும்போது கேட்டாள்.

"அம்மா, இனி ஞாயித்துக்கிழமை முழுசா எனக்கு வேணும். சனி ராத்திரி போயிட்டு ஞாயிறு ராத்திரி வந்துடறேன்."

டாக்டரம்மா சிரித்தார். "தாராளமா."

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "உனக்கு ஞாயிறு வேணும்னுதானே கேட்டே? இனிமே உனக்கு எல்லா நாளும் ஞாயிறுதான். ஏழு மணிக்குள்ள கிளம்பிடு. புது ஆள் எட்டு மணிக்கு வருது."

பால் அடுப்பில் இருந்தது. பெரியக்கா அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் துணியை எடுத்து வைத்தாள். ஒட்டிய உறை ஒன்றை டாக்டரம்மா அவள் கையில் கொடுத்து, "இதை வாசல்ல வாட்ச்மேன்கிட்ட கொடு, அப்பதான் விடுவான்," என்றார். குடியிருப்பில் அதுதான் விதி: வேலைக்காரர்கள் பையோடு வெளியே போனால் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வாசல் சீட்டு வேண்டும். வாட்ச்மேன் பையைத் தரையில் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். இரண்டு பள்ளிக்கூட வேன்கள் நின்று பார்த்தன. நாலு துணி, ஒரு சீப்பு, பேரனுக்குப் பின்னி முடிக்காத சட்டை. அந்த மாதச் சம்பளம் வரவில்லை. "நீயே நின்னுட்ட, நோட்டீஸ் தரலை, அதுக்கு அது சரியாப் போச்சு," என்று பிறகு போனில் பதில் வந்தது.

மூன்று மாதத்துக்கு முன் இதுதான் நடந்தது. தாளில் எழுதியிருந்ததோ வேறு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு மதியத்துக்குள் இன்னும் நாலு கோப்பு. "சட்டம் எளிமையானதும்மா. வாரத்துக்கு ஒரு நாள், சேர்ந்தாப்ல இருபத்து நாலு மணி நேரம் ஓய்வு. அன்னைக்கு வேலை வாங்கினா அதுக்குத் தனிச் சம்பளம். நீக்கணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும், இல்லைன்னா ஒரு மாசச் சம்பளம் கையில தரணும். நீங்களா நின்னா நோட்டீஸ் நீங்க தரணும். அப்ப, கேள்வி ஒண்ணுதான். நின்னீங்களா, நீக்கினாங்களா?"

"நீக்கினாங்க."

"அவளே போனா!" என்றார் கணவர். "ஆறு வருஷம் சோறு போட்டோம் சார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. இவ..."

"உப்புப் போட்டது யாரு?" என்றாள் பெரியக்கா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்க வீட்டு அடுப்படியில உப்பு டப்பா எந்தத் தட்டுல இருக்குன்னு சொல்லுங்க சார், பார்க்கலாம். ஆறு வருஷமா உங்க நாலு பேருக்கும் உப்புப் போட்டவ நான்."

சங்கத்துக்காரி இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை.

"இருங்க, இருங்க," என்றார் அதிகாரி. "ரெண்டு பக்கமும் வாய்ப் பேச்சு. யார்கிட்டயாவது எழுத்து இருக்கா?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுத்தா? எங்க குடியிருப்புல ஈ வெளியே போனாலும் பதிவேட்டுல நேரம் ஏறும். நான் கொண்டு வந்த திட்டம் சார் அது. அடுத்த வாரம் கொண்டு வர்றேன். இவ கையில பையோட, ஏழு மணிக்கு, தானா நடந்து போனது அதுல இருக்கும்."

அடுத்த வாரம் என்று தேதி போட்டார்கள்.

அந்த ஏழு நாளும் பெரியக்காவுக்கு வீட்டிலும் போர்தான். ஐந்து தங்கைகளுக்கு மூத்தவள் என்பதால் தெருவே அவளைப் பெரியக்கா என்கிறது. அந்த மரியாதையைக் கழுத்தில் போட்ட நகையைப் போலப் பாதுகாத்தவள் அவள். யாரிடமும் கைமாற்று வாங்கியதில்லை. கணவன் போன பிறகும் பிள்ளைகளை ஒருவர் வாசலில் நிற்க விட்டதில்லை. வீட்டு வேலைக்குப் போவதில் அவளுக்கு வெட்கமில்லை. திருடி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடிருக்க முடியாது.

அந்த வார்த்தை வந்துகொண்டிருந்தது. அதே குடியிருப்பில் வேறொரு வீட்டில் வேலை பேசி முடித்துப் போனாள். வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மேலிடத்து உத்தரவு. உங்களை விடக் கூடாது." ஏன் என்று கேட்டால் அவர் தரையைப் பார்த்தார். மகளின் மாமியார் போன் போட்டார். நலம் விசாரிக்கிற மாதிரிதான் தொடங்கினார். "ஏதோ பையைக் கொட்டிப் பார்த்துட்டுத்தான் அனுப்பிச்சாங்களாமே சம்பந்தி? சும்மாவா கொட்டுவாங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. நான் நம்பல."

நம்பாதவர் எதற்குப் போன் போட வேண்டும்?

மகன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் இரண்டு நாளில் ஒரு நாள் முழுக்க இதே பேச்சு.

"அம்மா, குடுக்கிறதை வாங்கிட்டு வந்துடும்மா. ஆபீஸ் படியெல்லாம் ஏறி இறங்கி... நம்ம வீட்டுப் பொம்பளைங்க இப்படி ஏறினதே இல்ல."

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க பையை யாரும் நடுத் தெருவுல கொட்டினதும் இல்லடா."

"அதுக்காக? பணம் இருக்கிறவன்கிட்ட மோத முடியுமா? விரலை வச்சுட்டு வந்திருக்கலாம்."

"விரலை வச்சா நானே ஓடிப் போனேன்னு அர்த்தம். நல்லா இருந்த வேலையை, மாசச் சம்பளத்தைக்கூட வாங்காம, காலங்காத்தால எவ விட்டுட்டு ஓடுவா? சொல்லு. எதையாவது எடுத்தவதான் ஓடுவா. அந்தத் தாளை உன் தங்கச்சி மாமியார் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவாங்க."

மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். ஆனாலும் குறித்த நாளில் லாரிக்குப் போகாமல் அலுவலகத்துக்கு அவளோடு வந்தான். மாடிப்படி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை.

கணவர் பதிவேட்டைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். தடித்த நீல அட்டை. நெடுக்கிலும் குறுக்கிலும் சிவப்புக் கோடு. பேர், வீட்டு எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், பையில் என்ன. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவரைப் போல அதைத் தடவிக்கொண்டார்.

"பாருங்க சார், தேதி வாரியா. அந்தத் திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. வெளியே போனாங்க, கையில ஒரு பை. தானா நடந்து போயிருக்காங்க. யாரும் பிடிச்சுத் தள்ளல."

டாக்டரம்மா அன்று வெள்ளைக் கோட்டோடு மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தார். பதிவேட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கணவரின் முழங்கையைத் தொட்டார். "அதை எதுக்கு இங்க..."

"ஆதாரம்மா! நீ சும்மா இரு."

அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை ஓட்டினார். ஏழு பத்து இருந்தது. எதிரே, ஓரத்தில், ஊசியால் குத்திய ஒரு சீட்டும் இருந்தது. வாட்ச்மேன் ஒழுங்கான மனிதர்; வந்த சீட்டையெல்லாம் அதே வரியில் குத்தி வைத்துவிடுவார். செயலாளர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு.

அதிகாரி சீட்டைப் பிரித்தார். உதடு அசையாமல் ஒரு முறை படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார்.

"இது யார் கையெழுத்து?"

அவரே அதை உரக்கப் படித்தார்.

"'இன்று முதல் இவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன். பையைச் சோதித்து அனுப்பவும். இனி எந்த வீட்டுக்கும் உள்ளே விடக் கூடாது.' கீழே டாக்டர்னு முத்திரைகூட இருக்கு."

பெரியக்கா சீட்டை எட்டிப் பார்த்தாள். அந்த உறை! தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாளே. ஒட்டியிருந்ததால் பிரிக்கவில்லை, பிறத்தியார் கடிதத்தைப் பிரிப்பது அவள் வீட்டுப் பழக்கமில்லை. அந்த மரியாதையைத் தெரிந்துதான் கொடுத்தார்கள். தனக்கான சாட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போக வைத்திருக்கிறார்கள்.

கணவர் மனைவியைப் பார்த்தார். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "நீ எழுதினியா? எங்கிட்ட தானா போயிட்டான்னு சொன்னே..."

"வாசல்ல வேற என்னன்னு எழுதறது? சீட்டு இல்லாம விட மாட்டாங்கன்னு ரூல் போட்டது நீங்கதானே!"

சங்கத்துக்காரி மெல்லக் கையை நீட்டினாள். "சார், அந்தப் புஸ்தகத்துல ஞாயித்துக்கிழமையும் பாருங்க. ஈ போனாலும் ஏறும்னு சார் சொன்னாரே. அக்கா எத்தனை ஞாயிறு வெளியே போனாங்கன்னு."

அதிகாரி புரட்டினார். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. அவள் பேர் இருந்தது: நாயோடு வெளியே பத்து நிமிடம், நாயோடு உள்ளே. கூரியர் வாங்க வாசலுக்கு. நாயோடு வெளியே. ஒரு வருடப் பதிவேடு. ஒரே ஒரு ஞாயிறுகூட அவள் பஸ் ஏறியதாக இல்லை.

"அவளை யாரும் கட்டி வைக்கல சார்," என்றார் டாக்டரம்மா. "வீட்டுல சும்மாதான் இருந்தா. டிவி பார்த்தா."

"போயிருக்கலாமா?"

"நாயை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"போகக் கூடாதுன்னு உட்கார வச்சிருந்தா அது ஓய்வு இல்லம்மா. சும்மா இருந்தாலும் அது வேலை நேரம்தான்." அதிகாரியின் குரலில் முதல் தடவையாகச் சோம்பல் இல்லை. "இந்தப் பக்கங்களுக்கு நகல் எடுத்துக்கறேன். அப்புறம் ஒண்ணு. செஞ்ச வேலைக்கான அந்த மாசச் சம்பளம். அது பேரம் பேசுற விஷயமே இல்ல. நோட்டீஸ் தரலைன்னு நீங்களா அதைப் பிடிச்சுக்க முடியாது. அதை இப்பவே கொடுங்க. மத்ததைப் பேசுவோம்."

கணவர் கொடுத்தார். பெரியக்கா ரசீதில் முழுப் பேரும் எழுதிக் கையெழுத்திட்டாள். எழுத்து குண்டு குண்டாக, கோடு மாறாமல் இருந்தது. அவர் அதை வெறித்துப் பார்த்தார்.

பிறகு டாக்டரம்மாவும் கணவரும் பேச்சில் இறங்கி வந்தார்கள். பேரம் அந்த வீட்டுக்குப் பழக்கம். நோட்டீஸ் சம்பளம் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தருகிறோம். சட்டத்தில் வருவதற்கு இரண்டு மடங்கே தருகிறோம். ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும்: "இரு தரப்பும் மனமொத்துப் பிரிந்தனர்."

"நான் மனமொத்துப் பிரியல," என்றாள் பெரியக்கா.

"அது ஒரு வார்த்தைதானேம்மா?" என்றார் கணவர். இப்போது "ம்மா" கொஞ்சம் மெத்தென்று வந்தது.

"வார்த்தைதான். வார்த்தையாலதானே எனக்கு மூணு மாசமா எந்த வாசலும் திறக்கல. நான் சொல்றதை எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஓய்வு கேட்டதுக்காக, நோட்டீஸ் இல்லாம நீக்கினோம். அவங்க எதையும் எடுக்கல. உள்ளே விடாதேன்னு சொன்னது தப்பு, திரும்ப எடுத்துக்கறோம். இவ்வளவுதான். ரெண்டு மடங்கு வேண்டாம், சட்டத்துல என்ன வருமோ அது போதும்."

"இதை எழுதிக் கொடுத்தா, நாளைக்குக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துல நான் எப்படி உட்காருவேன்?"

"அப்படியா சார்? நான் மூணு மாசமா என் தெருவுல எப்படி உட்காருறேன்னு கேட்டீங்களா? உங்களுக்குக் குடியிருப்பு. எனக்கும் ஒரு தெரு இருக்கு. உங்க மானம் முத்திரை குத்தின மானம், என் மானம் பையோட கொட்டிப் பார்க்கிற மானமா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்படி எழுதுன்னு அவங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல. பேச்சு முறிஞ்சதுன்னு அறிக்கை எழுதினா கோர்ட்டுக்குப் போகும். அங்க ஜெயிக்க வழி இருக்கு, இந்தச் சீட்டு ஒண்ணே போதும். ஆனா ஒரு வருஷம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். இவங்க இப்ப தர்றேன்னு சொல்றது கையில வர்ற காசு."

சங்கத்துக்காரி அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, நீங்க எதைச் சொன்னாலும் சங்கம் கூட நிக்கும். வாங்கினாலும் தப்பில்ல. யாரும் குறை சொல்ல மாட்டோம்."

பெரியக்கா யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். பேரனின் மருந்துச் செலவை யோசித்தாள். மகனின் முகத்தை யோசித்தாள். இரண்டு மடங்கு என்பது அவள் கையில் ஒருபோதும் சேர்ந்து இருந்திராத தொகை.

"எழுதுங்க சார், முறிஞ்சதுன்னு," என்றாள்.

அறிக்கை எழுதி முடியும்வரை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா மட்டும் தனியாக வெளியே வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா. வர்ற ஆள் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. சின்னவன் உன்னைத்தான் கேக்கிறான். இந்தப் பேப்பரையெல்லாம் விடு, திரும்பி வந்துடு. ஞாயிறு தர்றேன். சத்தியமா."

சின்னவன் பேரைச் சொன்னதும் பெரியக்காவுக்குள் ஏதோ அசைந்தது. அசைந்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. பிள்ளையின் பேரைக் கூடத் தூண்டிலில் கோத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வர்றேன்," என்றாள்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"காலையில எத்தனை மணிக்கு, ராத்திரி எத்தனை மணி வரைக்கும், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்த நாள் லீவு, நிறுத்தணும்னா எத்தனை நாள் முன்னாடி சொல்வீங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சலவை எந்திரம் இல்லாத ஒரு ரூம் கொடுங்க. அப்புறம் அந்த வாட்ச்மேன்கிட்ட, வேன் நிக்கிற நேரமாப் பார்த்து, நீங்களே வந்து சொல்லுங்க, இவங்க எதையும் எடுக்கலைன்னு. நாளைக்கே வர்றேன்."

"எல்லாம் எழுதணுமா? அவ்வளவுதானா நம்பிக்கை?"

"நம்பிக்கை இருந்துச்சும்மா. ஆறு வருஷம் நம்பித்தான் எழுதாம இருந்தேன். நீங்கதான் ஒரே நாள்ல எழுதினீங்க."

டாக்டரம்மா கோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உனக்குத் திமிரும்மா," என்றார்.

"ஆமா," என்றாள் பெரியக்கா. "அது ஒண்ணுதான் என் பையில இருந்து உங்களால எடுக்க முடியல."

அறிக்கையின் நகலையும் வாசல் சீட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"எவ்வளவு தந்தாங்க?"

"ஒரு மாசச் சம்பளம். மிச்சத்துக்குக் கோர்ட்டு."

"ரெண்டு மடங்கு தர்றேன்னாங்களாமே! சங்கத்து அக்கா இப்பதான் சொல்லிட்டு ஓடுது." அவன் குரல் உயர்ந்தது. படியேறிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கென்ன பைத்தியமா? யாருக்காக இதெல்லாம்?"

அவள் சீட்டின் நகலைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் திணித்தாள். "படி."

அவன் படித்தான். நீக்கிவிட்டேன் என்ற சொல்லில் ஒன்றும் ஆகவில்லை. பையைச் சோதித்து அனுப்பவும் என்ற இடத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பி, மேல்மாடியைப் பார்த்து, இரண்டு படி ஏறினான்.

"நில்லுடா," என்றாள். "அடிச்சா கேஸ் அவங்க பக்கம் போயிடும். உன் தங்கச்சி மாமியாருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. மூணு வரியையும் நிதானமாப் படி. கையெழுத்து யாருதுன்னும் சொல்லு. அப்புறம் போனை என்கிட்ட கொடு. எனக்கும் அவங்ககிட்ட நலம் விசாரிக்க வேண்டியிருக்கு."